பதில் எப்போது வரும்? – பெற்றோர் கடிதத்துக்கு நாள் குறித்தல்

பெற்றோர் நம்மிடம் கொடுக்கும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அன்றே பதில் சொல்லிவிடலாம். விடுப்பு விண்ணப்பம், பயண அட்டை, மாற்றுச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்ற கேள்வி போன்றவை அப்படிப்பட்டவை. சில கடிதங்களுக்கு அன்றே பதில் சொல்ல முடியாது. குழந்தையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சக ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இத்தகைய கடிதங்களுக்குத்தான் நம்மிடமிருந்து "பார்க்கலாம்மா", "விசாரித்துச் சொல்கிறேன்" என்ற வாய்மொழி கிடைக்கிறது. எழுத்தில் என்றால் "ஆவன செய்யப்படும்". இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் கேட்டவர் எந்த நாள் வரை காத்திருக்க வேண்டும் என்பது இவற்றில் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் வரும் விண்ணப்பத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டமே நாள் குறித்துவிட்டது. விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 5 நாட்களுக்குள் அங்கே மாற்றி அனுப்பி, விண்ணப்பித்தவருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒரு தாய் தன் மகனைப் பற்றி எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. அந்த நாளை நாமேதான் குறிக்க வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது, எதற்கு நாள் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்பதை என் வகுப்பில் நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டு விளக்குகிறேன்.

கடிதத்தில் இருந்த நான்கு கேள்விகள்

2024 ஜூலை 3, புதன்கிழமை. நான் வகுப்பாசிரியராக இருக்கும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தன் அம்மா கொடுத்ததாக ஒரு கடிதத்தைத் தந்தான். அவர் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். காலை எட்டரைக்குப் போனால் இரவுதான் வீடு திரும்புவார். பள்ளிக்கு வர வேண்டுமென்றால் மூன்று நாட்கள் முன்பே சூப்பர்வைசரிடம் சொல்லி அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். அந்த அரை நாள் கூலி போய்விடும்.

ஒன்றரைப் பக்கக் கடிதம். கேள்விகள் தனித்தனியாக இல்லை. கவலையோடு கலந்து வந்தன. இரண்டு முறை படித்துப் பிரித்து எழுதியபோது நான்கு கேள்விகள் கிடைத்தன. முதலாவது, பையனுக்கு ஏன் இன்னும் தமிழே சரளமாகப் படிக்க வரவில்லை? இரண்டாவது, பக்கத்து வீட்டில் ஒருவர் இதை டிஸ்லெக்சியா என்கிறாரே, அது உண்மையா? மூன்றாவது, ஆறாம் வகுப்பிலேயே திரும்ப உட்கார வைத்தால் தேறுவானா? நான்காவது, பத்தாம் வகுப்புத் தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் தருவார்களாமே, இவனுக்குக் கிடைக்குமா?

இப்படிப் பிரித்து எழுதுவதுதான் முதல் வேலை. கடிதம் முழுவதும் கடினமானதாகத் தோன்றும். ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒரு பகுதிக்கு அன்றே விடை இருக்கும். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை மாணவரைக் கீழ் வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. நான்காவதற்குப் பாதி விடை இருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவச் சான்றின் அடிப்படையில்தான் அவை கிடைக்கும். யாருக்குத் தகுதி என்று வகுப்பாசிரியர் முடிவு செய்ய முடியாது.

முதல் இரண்டு கேள்விகளுக்குத்தான் உடனே விடை சொல்ல முடியாது. காரணம் இதுதான். இந்த மாணவன் மூன்றாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய 2020–21ஆம் கல்வியாண்டு முழுவதும் பெருந்தொற்றால் தொடக்க வகுப்புகள் மூடிக்கிடந்தன. 1 முதல் 8 வரையான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது அவன் நான்காம் வகுப்பு. எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து சரளமாகப் படிக்கும் நிலைக்குப் பிள்ளைகள் நகரும் காலம் அது. அந்தப் பயிற்சி விட்டுப்போன பிள்ளையும், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையும் ஒரு பக்கத்தைப் படிக்கும்போது பார்வைக்கு ஒன்றுபோலவே தடுமாறுவார்கள். கண்பார்வைக் குறைவு இருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ஒரு நாள் பார்த்து எது என்று சொல்ல முடியாது. அவசரப்பட்டு "சோம்பேறித்தனம்தான்" என்றோ "ஆமாம், டிஸ்லெக்சியாதான்" என்றோ சொன்னால், எதைச் சொன்னாலும் அந்த வீட்டில் பல ஆண்டுகளுக்கு அது நிலைத்துவிடும்.

நாளைக் கணக்கிடுதல்

"இரண்டு வாரத்தில் சொல்கிறேன்" என்று எழுதுவது எளிது. அந்த இரண்டு வாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நம்மிடம் விடை இருக்காது. ஆகவே செய்ய வேண்டிய வேலைகளை முதலில் எழுதினேன். பிறகு நாட்காட்டியை எடுத்து அவற்றுக்கு நாள் ஒதுக்கினேன்.

வேலைகள் நான்கு. ஒன்று, அவனைத் தனியே படிக்கச் சொல்லிக் கேட்பது. ஒரே நாள் போதாது. இடையில் பயிற்சி கொடுத்து, மாற்றம் உண்டா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஜூலை 5, 12, 19 ஆகிய மூன்று வெள்ளிக்கிழமைகளை வைத்தேன். இரண்டு, கணக்கு, ஆங்கிலம், அறிவியல் ஆசிரியர்களிடமிருந்து நான்கைந்து வரிக் குறிப்பு வாங்குவது; ஜூலை 12க்குள். மூன்று, அவன் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசுவது, அதுவும் 12க்குள். நான்கு, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் அவனைப் பார்ப்பது. தொலைபேசியில் கேட்டபோது ஜூலை 18, வியாழன் அன்று எங்கள் பள்ளிக்கு வருவதாகச் சொன்னார்.

பிறகு, வேலை நடக்காத நாட்களைக் குறித்தேன். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள். கல்வி வளர்ச்சி நாள் விழா இருக்கும், வகுப்பு நடக்காது. ஜூலை 17 மொகரம் விடுமுறை. 19ஆம் தேதி மூன்றாவது முறை படிக்கக் கேட்டபின் குறிப்புகளைத் தொகுக்க வேண்டும். 22, திங்களன்று தலைமையாசிரியர் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 23ஆம் தேதியை எந்த வேலையும் ஒதுக்காமல் காலியாக விட்டேன். யாராவது ஒருவர் விடுப்பு எடுத்தாலோ, என்னைப் பயிற்சிக்கு அழைத்தாலோ அந்த ஒரு நாள் தாங்கும். ஆக, பதில் சொல்லும் நாள் ஜூலை 24, புதன்கிழமை. அன்று கடைசிப் பாடவேளையில் எனக்கு வகுப்பில்லை. நேரம் மாலை 3.30.

மூன்று வாரம் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் பத்து நாள் என்று சொல்லிவிட்டு இரண்டு முறை தள்ளிப்போட்டால் அந்தத் தாய்க்கு இரண்டு அரை நாள் கூலி போகும். மறுபக்கம், பாதுகாப்புக்காக "ஒரு மாதம், ஒன்றரை மாதம்" என்று வைத்தாலும் தவறு. கணக்கில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையோ ஒரு விடுமுறையோ இருக்க வேண்டும். எதுவுமில்லாத நாள் ஒன்று இருக்கலாம். ஏழு இருந்தால், நாம் கேட்டவருக்காக அல்ல, நமக்காக நாள் குறித்திருக்கிறோம் என்று பொருள்.

முதல் பதிலில் என்ன எழுத வேண்டும்

கடிதம் கிடைத்த மறுநாள், ஜூலை 4 அன்று, இந்தப் பதிலை ஒட்டிய உறையில் வைத்து அனுப்பினேன். குறிப்பேட்டில் எழுதி அனுப்பவில்லை. குறிப்பேட்டை வகுப்பில் யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள். "படிக்க வராத பையன்" என்ற பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும்.

"அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதம் நேற்று (ஜூலை 3) கிடைத்தது. அதில் நான்கு கேள்விகள் இருப்பதாகப் புரிந்துகொண்டேன்: மகனுக்கு ஏன் படிக்க வரவில்லை, அது டிஸ்லெக்சியாவா, ஆறாம் வகுப்பில் திரும்ப உட்கார வைக்கலாமா, பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம் கிடைக்குமா. ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

இரண்டுக்கு இப்போதே பதில் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் கீழ் வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை. அவன் ஏழாம் வகுப்பிலேயே படிப்பான். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரச் சலுகை உண்டு. அது மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கு மட்டும். இவனுக்குக் கிடைக்குமா என்பதைப் பள்ளி முடிவு செய்ய முடியாது.

மற்ற இரண்டுக்கும் அவனைச் சில நாள் கவனிக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமைகள் தனியே படிக்கச் சொல்லிக் கேட்பேன். மற்ற ஆசிரியர்களையும் பழைய பள்ளியையும் கேட்பேன். ஜூலை 18 அன்று சிறப்புப் பயிற்றுநர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜூலை 24, புதன், மாலை 3.30க்குத் தாங்கள் பள்ளிக்கு வந்தால், அதுவரை எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்வேன். அன்று வர முடியாதென்றால் தங்களுக்கு வசதியான நாளைச் சொல்லி அனுப்புங்கள். இது டிஸ்லெக்சியாவா இல்லையா என்று அன்று என்னால் முடிவாகச் சொல்ல முடியாது; அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

அதற்குள் தாங்கள் ஒன்று செய்யலாம். அரசு மருத்துவமனையில் அவனுக்குக் கண் பரிசோதனை செய்து வையுங்கள். படிக்கவில்லை என்று அவனைத் திட்ட வேண்டாம். 24க்குள் ஏதாவது மாற்றம் வந்தால் நானே முன்கூட்டித் தெரிவிப்பேன்."

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டியவை சில. கேள்விகளைத் திரும்ப எழுதியது மரியாதைக்காக அல்ல. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மூன்று வாரம் வீணாகும். அவர் முதல் நாளிலேயே திருத்த இது வழி. கிழமை, தேதி, நேரம் மூன்றும் சேர்த்து எழுதியிருக்கிறது. "மூன்று வாரத்தில்" என்றால் அவர் எண்ணுவது ஒரு நாளாகவும் நான் எண்ணுவது வேறு நாளாகவும் இருக்கும். கிழமையும் இருந்தால் எழுத்துப்பிழையாகத் தேதி மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். இந்தப் பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தெரியாதவர் என்றால் இதே செய்தியைக் கைபேசியில் அழைத்துச் சொல்லி, தேதியை அவர் வாயால் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும்.

எதற்கு நாள் தரலாம்?

கடிதத்தில் ஒரே ஒரு வாக்குறுதிதான் இருக்கிறது: "ஜூலை 24 அன்று, அதுவரை எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்வேன்." சிறப்புப் பயிற்றுநர் 18ஆம் தேதி பார்த்துவிடுவார் என்று நான் உறுதி தரவில்லை, வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் எழுதினேன். 24ஆம் தேதிக்குள் காரணம் தெரிந்துவிடும் என்றும் எழுதவில்லை.

நாள் குறிப்பதில் நிகழும் பெரும்பாலான சிக்கல்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுவதால்தான் வருகின்றன. பிறர் முடிவெடுக்கும் நாள் நம் கையில் இல்லை. மருத்துவமனை, வள மையம், கல்வி அலுவலகம், தேர்வுத் துறை ஆகியவை தரும் பதிலுக்கு நாம் நாள் சொன்னால், அது தவறும்போது நம் வார்த்தைதான் தவறும். நாம் பேசும் நாள் மட்டும் எப்போதும் நம் கையில் இருக்கிறது. அன்றைக்குப் பிறர் பதில் வந்திருந்தால் அதைச் சொல்கிறோம். வராவிட்டால் வரவில்லை என்பதையும், யாரிடம் எப்போது கேட்டோம் என்பதையும் சொல்கிறோம். இரண்டுமே பதில்தான்.

இது வெறும் சொல் வேறுபாடு அல்ல என்பது ஜூலை 18 அன்று தெரிந்தது. அன்று காலை சிறப்புப் பயிற்றுநர் அழைத்து, மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ முகாம் பணிக்குத் தன்னை அனுப்பிவிட்டார்கள் என்றும், இனி ஆகஸ்ட் 1 அன்றுதான் வர முடியும் என்றும் சொன்னார். என் கணக்கில் இருந்த நான்கு வேலைகளில் ஒன்று நடக்கப் போவதில்லை.

24ஆம் தேதி வரை காத்திருந்து, அந்தத் தாய் வந்து உட்கார்ந்தபின் இதைச் சொல்லியிருக்கலாம். நாள் தவறவில்லை என்ற கணக்கில் அது சரிதான். ஆனால் அவர் சூப்பர்வைசரிடம் விடுப்புச் சொல்ல மூன்று நாள் வேண்டும். ஆகவே 18ஆம் தேதி மாலையே இரண்டாவது கடிதம் போனது. சிறப்புப் பயிற்றுநர் இன்று வரவில்லை, ஆகஸ்ட் 1 அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற மூன்று வேலைகளும் நடந்துகொண்டிருக்கின்றன. 24ஆம் தேதி சந்திப்பில் மாற்றமில்லை. அவர் வந்து பார்த்தபின் தெரிவதை ஆகஸ்ட் 2, வெள்ளி இரவு 8.30க்கு மேல் கைபேசியில் சொல்கிறேன், அதற்காகப் பள்ளிக்கு வர வேண்டாம். அல்லது இரண்டையும் சேர்த்து ஒரே முறை கேட்க விரும்பினால் ஆகஸ்ட் 5, திங்களன்று வரலாம். எது வசதி என்று மகனிடம் சொல்லி அனுப்பும்படி கேட்டிருந்தேன். மறுநாள் பையன் சொன்னான்: "அம்மா இருபத்து நாலாம் தேதியே வர்றாங்களாம், டீச்சர்."

நாள் தள்ளும்போது செய்ய வேண்டியது இதுதான். பழைய நாள் வருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். எது நின்றது, எது நடக்கிறது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நின்றுபோன பகுதிக்கு மட்டும் புதிய நாள் தர வேண்டும், முழுவதையும் தள்ளக்கூடாது. பழைய நாள் கடந்தபின் வரும் விளக்கம், எவ்வளவு நியாயமாக இருந்தாலும், சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

குறித்த நாளில் சொன்னது

மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் இருந்து ஏறத்தாழ 40 சொற்கள் கொண்ட பத்திகளைக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு பத்தி. முதல் முறை இரண்டரை நிமிடம் எடுத்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றினான். புள்ளி எழுத்துகளை விட்டான். இரண்டு இடங்களில் வரி தாவினான். அதே அளவுள்ள இன்னொரு பத்தியை நான் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டபோது ஐந்துக்கும் சரியாக விடை சொன்னான். கணக்கு ஆசிரியரின் குறிப்பும் இதையே சொன்னது: வாய்க்கணக்கில் முந்துகிறான், வாக்கியக் கணக்கை அவனே படித்துச் செய்யும்போது நின்றுவிடுகிறான். தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், பள்ளி மூடியிருந்த காலத்துக்கு முன்பே, இரண்டாம் வகுப்பிலும் அவன் எழுத்துகளில் தடுமாறியதாக நினைவுகூர்ந்தார்.

இடையில் ஒன்பது பள்ளி நாட்கள், தினமும் கால் மணி நேரம், அவனோடு மெதுவாகப் படிக்கும் வேறு இரண்டு மாணவர்களையும் சேர்த்துப் படிப்புப் பயிற்சி கொடுத்தேன். 19ஆம் தேதி அந்த இருவரும் ஓரளவு வேகம் கூடியிருந்தார்கள். இவனிடம் மாற்றம் மிகக் குறைவு.

24ஆம் தேதி அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் கொண்டுவந்த கண் பரிசோதனைச் சீட்டில் பார்வை இயல்பு என்று இருந்தது. சொன்னதன் சாரம் மூன்று வாக்கியம். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவனுக்குக் குறை இல்லை. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவதில்தான் தடை. பள்ளி மூடியிருந்தது மட்டுமே காரணம் என்று தோன்றவில்லை, ஆனால் ஒன்பது நாள் பயிற்சியைக் கொண்டு அப்படி உறுதியாகவும் சொல்ல முடியாது. ஆகவே முறையான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அவர் கேட்ட ஒரே கேள்வி: "அப்போ இவன் வேணும்னே பண்ணலைதானே, டீச்சர்?" இல்லை என்று சொன்னேன். அந்த ஒரு பதிலை மட்டும் தயக்கமின்றிச் சொல்ல முடிந்தது. ஜூலை 3 அன்று கேட்டிருந்தால் அதையும் ஊகமாகத்தான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 1 அன்று சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்து, அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு அவன் பெயரைப் பரிந்துரைத்தார். முகாம் நாள் அப்போது அறிவிக்கப்படவில்லை. மறுநாள் இரவு கைபேசியில் சொன்னேன்: "முகாம் தேதி இன்னும் வரலைம்மா. ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை நான் கூப்பிடுவேன். தேதி வந்திருந்தா அதைச் சொல்வேன். வரலைன்னா வரலைன்னு சொல்வேன்." இடையில் எப்போது அழைத்துக் கேட்பது என்று அவர் யோசிக்க வேண்டியதில்லை, தினமும் அவனுக்கான கால் மணி நேரப் பயிற்சியும் தொடர்ந்தது.

குறித்த நாளைக் காப்பாற்றும் ஏடு

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இப்படிக் குறித்த நாட்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு சிறு ஏட்டில் நான்கு பத்திகள் போதும்: கடிதம் வந்த நாள், கேள்வி ஒரு வரியில், பதில் சொல்வதாக எழுதிய நாள், பதில் சொன்ன நாள். திங்கள் காலை ஒருமுறை மூன்றாவது பத்தியைப் பார்த்தால் அந்த வாரம் யாருக்குப் பதில் தர வேண்டும் என்று தெரியும். ஏடு எங்கே இருக்கிறது என்பது தலைமையாசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் மாறுதலாகிப் போனாலோ நீண்ட விடுப்பில் சென்றாலோ, பெற்றோருக்கு நாள் கொடுத்தது பள்ளி. அடுத்து வருபவர் அதை ஏற்று நடத்துவார்.

முதல் பதில் சரியாக அமைந்ததா என்பதையும் இந்த ஏடே காட்டும். வந்த நாளுக்கும் குறித்த நாளுக்கும் இடையே அந்தப் பெற்றோர் "என்ன ஆச்சு?" என்று கேட்டு வந்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு விழுந்தால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: நாள் தெளிவாக எழுதப்படவில்லை; அல்லது அன்றே சொல்லியிருக்கக்கூடிய பதிலைச் சேர்த்து வைத்துக்கொண்டோம்; அல்லது காத்திருக்கும் நாட்களில் அவர்கள் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவில்லை. எது என்று பார்த்து அன்றே ஒரு வரி எழுதி அனுப்பினால் சரியாகிவிடும்.

செய்து பார்க்க

குறுவள மையக் கூட்டத்திலோ பள்ளியிலோ இருவர் இருவராக இதைச் செய்து பார்க்கலாம். முன்னாள் மாணவர் ஒருவர் எழுதுகிறார்: "மாற்றுச் சான்றிதழில் என் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் வேறுபடுகின்றன. எது சரி? திருத்த முடியுமா? வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்குகிறது." ஒருவர் முன்னாள் மாணவர், மற்றவர் பள்ளி. முதலில் கேள்விகளைப் பிரியுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பது பள்ளி பார்த்துச் சொல்லக்கூடியது. திருத்தம் மேலலுவலகத்தின் முடிவு. விண்ணப்பத்தின் கடைசி நாள் எது என்பதை அவரிடம் கேட்காமல் உங்கள் நாளைக் குறிக்க முடியாது. பதிவேட்டை எடுக்க யார் வேண்டும், இடையில் எந்த விடுமுறை வருகிறது என்று உங்கள் பள்ளி நாட்காட்டியிலேயே எண்ணுங்கள். கடைசியில், முதல் பதிலை எழுதி எதிரில் இருப்பவரிடம் கொடுத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அடுத்து என்னிடமிருந்து எந்த நாளில், எதை எதிர்பார்ப்பீர்கள்?" அவர் சொல்லும் விடையும் நீங்கள் மனத்தில் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்பலாம்.